நடை ஷாட்டுக்கு முன் ஜிம்பலைத் தயார் செய்வது: பேலன்ஸ், மோட்டார் ஓவர்லோடு, ஆப் இணைப்பு

போன் ஜிம்பலை ஆன் செய்ததும் போன் நிமிர்ந்து நேராக நின்றுவிட்டால், எல்லாம் சரி என்று கிளம்பிவிடுகிறோம். அந்த நிலை ஒன்றை மட்டும்தான் சொல்கிறது: மோட்டார்கள் இந்த நொடியில் போனைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. போன் தானாகவே பேலன்ஸில் இருக்கிறதா, அல்லது மோட்டார் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை நிறுத்தி வைத்திருக்கிறதா என்பது பார்த்தால் தெரியாது. நடக்கத் தொடங்கியதும் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு மோட்டாருக்கும் இவ்வளவுதான் திருப்புவிசை என்று ஓர் எல்லை உண்டு. போன் ஒரு பக்கம் கனமாகத் தொங்கினால் அந்த விசையில் ஒரு பகுதி அதை நேராக வைத்திருப்பதற்கே போய்விடும். நாம் அசையாமல் நின்றாலும் மோட்டாரில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அப்புறம் நடக்கிறோம். ஒவ்வொரு அடியிலும் கைப்பிடிக்கு ஒரு குலுக்கல் வருகிறது, திரும்பும்போது இன்னொரு தள்ளல், எதிர்க்காற்று வேறு. இவற்றைச் சமாளிக்க மீதமிருக்கும் விசை போதாதபோது ஜிம்பல் நடுங்கும், அடிவானக் கோடு சாயும், கடைசியில் Motor overload என்ற எச்சரிக்கையோ சிவப்பு விளக்கோ பீப் சத்தமோ வரும். பாதுகாப்புக்காக மோட்டார்கள் தளர்ந்துவிட, போன் தலையைத் தொங்கப்போடும். பல சமயம் ஜிம்பலில் எந்தக் கோளாறும் இருக்காது. நாம் கொடுத்த சுமைதான் கணக்கு தப்பியிருக்கும்.

என்னோடு படம் பிடிக்கும் தம்பி ஒருவருக்கு நடந்ததை வைத்துச் சொன்னால் இது எளிதாகப் புரியும். நீண்ட தாழ்வாரம் ஒன்றில், ஒருவர் பேசிக்கொண்டே நடந்து வர, அவருக்கு முன்னால் பின்நோக்கி நடந்தபடி எடுக்க வேண்டிய ஷாட். தம்பி காலையிலேயே ஜிம்பலை ஒழுங்காக பேலன்ஸ் செய்து, ஆன் செய்தும் பார்த்திருந்தார். ஒத்திகையில் பத்துப் பதினைந்து அடிக்குள் போன் நடுங்கத் தொடங்கியது. அடுத்த முறை பாதி வழியிலேயே தொங்கிவிட்டது. போதாக்குறைக்கு ஆப்பும் ஜிம்பலைக் கண்டுபிடிக்கவில்லை.

"அண்ணா, மோட்டார் போயிடுச்சு போல" என்றார்.

"முதல்ல ஆஃப் பண்ணு, அப்புறம் பாக்கலாம்" என்றேன்.

ஜிம்பலில் எந்தப் பிரச்சினை வந்தாலும் நான் தொடங்குவது அங்கேதான். மோட்டார் ஓடும்போது பேலன்ஸைப் பார்க்க முடியாது, அது எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஆஃப் செய்து, ஜிம்பலின் கைகளில் பூட்டு எதுவும் இருந்தால் அதை விடுவித்து, கைப்பிடியை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். விரித்தவுடன் தானாக ஆன் ஆகும் மாடல் என்றால் பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இப்போது போனைக் கிடைமட்டமாக வைத்துக் கையை எடுங்கள். வைத்த இடத்திலேயே நின்றால் நல்லது. ஆனாலும் அதோடு விடக்கூடாது. மோட்டாருக்குள் இருக்கும் காந்தங்களின் பிடிப்பும் உராய்வும் சின்னச் சின்னச் சமமின்மையை ஒளித்து வைக்கும். ஒரு விரலால் இடப்பக்கம் இலேசாகக் கீழே தட்டுங்கள், பிறகு வலப்பக்கம். இரண்டு பக்கமும் ஒரே அளவு அசைந்து நின்றால்தான் பேலன்ஸ். ஒரு பக்கம் தட்டினால் அப்படியே இறங்கிப் போய், மறுபக்கம் தட்டினால் நகரவே மறுத்தால், எந்தப் பக்கம் கனம் என்பது தெரிந்துவிட்டது.

தம்பியின் போன் கையை எடுத்ததுமே சார்ஜ் துளை இருக்கும் பக்கமாகச் சட்டென்று சாய்ந்தது. காரணம் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. பேலன்ஸ் செய்தபோது வெறும் போன். அதன்பிறகு வயர்லெஸ் மைக்கின் ரிசீவரை அந்தத் துளையில் செருகியிருந்தார்.

"இத்தனூண்டுதானே அண்ணா, பத்துப் பன்னிரண்டு கிராம் இருக்குமா?"

எடை அவ்வளவுதான். ஆனால் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. போனின் நீளம் சுமார் 160 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து ஓரம் வரை 80. ரிசீவர் அதற்கும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அதன் எடை நடுவிலிருந்து சுமார் 88 மில்லிமீட்டர் தள்ளி விழுகிறது. 12 கிராமை 88-ஆல் பெருக்கினால் 1056. போன் 230 கிராம், ரிசீவரோடு சேர்த்து 242. 1056-ஐ 242-ஆல் வகுத்தால் ஏறத்தாழ நாலரை வருகிறது. அதாவது, ரிசீவரைச் செருகிய அந்தக் கணத்தில் மொத்தத்தின் எடை மையம், போனைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பின் நடுவிலிருந்து நாலரை மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டது. சும்மா நிற்கும்போது மோட்டார் இதைச் சுமந்துகொள்ளும். நடக்கும்போது அதே மோட்டாரிடம் குலுக்கலையும் சமாளி என்றால் திணறும்.

தீர்வும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. கிளாம்பைத் தளர்த்தி, போனைக் கேமரா இருக்கும் திசையில் நாலரை மில்லிமீட்டர் நகர்த்தினோம். காந்தக் கிளாம்பாக இருந்தால் கிளாம்பைப் போனிலிருந்து கழற்றி அதே அளவு சார்ஜ் துளைப் பக்கமாகத் தள்ளி மாட்ட வேண்டும். களத்தில் யாரும் அளவுகோல் வைத்து அளப்பதில்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டராக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் விரலால் தட்டிப் பார்த்தால் போதும். கணக்குத் தெரிந்திருந்தால் எந்தப் பக்கம், ஏறக்குறைய எவ்வளவு என்பதில் தடுமாற்றம் இருக்காது.

இந்த நகர்த்தலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போனின் ஒலி பட்டன்களும் பவர் பட்டனும் கிளாம்ப் பிடிக்கும் அதே நீளமான ஓரங்களில்தான் இருக்கின்றன. எதிர்த் திசையில் நகர்த்த வேண்டிய நிலை வந்தால் கிளாம்பின் வாய் அந்தப் பட்டன்கள் மேலேயே போய் உட்காரலாம். அப்போது ஒலி தானாகக் குறையும், திரை அணையும், சில போன்களில் இரண்டு பட்டன்களும் சேர்ந்து அழுந்தி அவசர அழைப்புத் திரையே வந்து நிற்கும். இதை ஜிம்பல் கோளாறு என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பட்டன் இடிக்கிறது என்றால் நகர்த்துவதை விட்டுவிட்டு, மறுபக்கம் எடை சேர்ப்பதுதான் வழி. சில ஜிம்பல்களுக்கு அதற்கென்றே சிறு எதிர் எடைகள் கிடைக்கின்றன. அல்லது ரிசீவரையே போனை விட்டு எடுத்து, குட்டைக் கேபிள் வழியாகக் கைப்பிடியில் கட்டலாம் என்று தோன்றும். அதை நான் விரும்புவதில்லை. விறைப்பான கேபிள் போனை ஓயாமல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். பேலன்ஸ் சோதனையில் தெரியாத இழுப்பு திரும்பும்போது தெரியும். கட்டாயம் கேபிள் வேண்டுமென்றால் மெல்லியதாக, துவளக்கூடியதாக, போன் எந்தக் கோணத்தில் திரும்பினாலும் இறுகாத அளவு தளர்வாக விட வேண்டும். படம் பிடித்துக்கொண்டே பவர்பேங்கில் சார்ஜ் போடுவதற்கும் இது பொருந்தும்.

நெட்டுக்குத்தாக எடுப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். கிடைமட்டத்தில் அழகாக பேலன்ஸ் ஆன போன் நெட்டுக்குத்தாகத் திருப்பியதும் ஓவர்லோடு காட்டும். ஏன் என்றால், போனின் அகலத்தின் குறுக்கே எடை மையம் கொஞ்சம் தள்ளியிருந்தால், கிடைமட்டத்தில் அது மேல்-கீழ் திசையில் இருக்கும். அதனால் சாய்க்கும் விசை எதுவும் வராது. 90 டிகிரி திருப்பியதும் அதே விலகல் பக்கவாட்டுக்கு வந்துவிடுகிறது. கிடைமட்டத்தில் வைக்கும்போது போன் ஊஞ்சல் போலத் தானே திரும்பி வந்து நின்றால் எடை அச்சுக்குக் கீழே இருக்கிறது. எங்கேயும் நிற்காமல் இரண்டு பக்கமும் கவிழப் பார்த்தால் எடை மேலே இருக்கிறது. இந்தத் திசையில் பெரும்பாலான ஜிம்பல்களில் நம்மால் அதிகம் திருத்த முடியாது. கிளாம்ப் எங்கே பிடிக்கிறதோ அதுதான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் தடித்த கவர், பின்னால் ஒட்டிய உலோக வளையம், கார்டு வைக்கும் பை ஆகியவற்றைக் கழற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எந்த நிலையில் படம் பிடிக்கப் போகிறோமோ அந்த நிலையில் தட்டிப் பார்ப்பது அதனால்தான் அவசியம்.

எடை எல்லையையும் இங்கேயே சொல்லிவிடலாம். சிறிய போன் ஜிம்பல்களில் பலவற்றுக்கு 280, 290 கிராம் அளவுதான் தாங்குதிறன். பெரிய போன்கள் தனியாகவே 230, 240 கிராம் வருகின்றன. கனமான கவரும் கூடுதல் லென்ஸும் சேர்ந்தால் எல்லையைத் தொட்டுவிடும். சமையலறைத் தராசில் எல்லாவற்றையும் மாட்டிய நிலையில் ஒருமுறை எடை போட்டு வைத்துக்கொண்டால் சந்தேகமே வராது. எல்லையைத் தாண்டிய எடையை எவ்வளவு நுட்பமாக பேலன்ஸ் செய்தாலும் நடை ஷாட்டில் அது தாங்காது.

பேலன்ஸ் சரியான பிறகும் ஓவர்லோடு வந்தால் அடுத்து பார்க்க வேண்டியது முட்டல். ஜிம்பலின் கை முழுதாக விரியாமல் இருக்கலாம். மடிப்புப் பூட்டு ஒன்று விடுபடாமல் இருக்கலாம். கீழ்க் கோணத்தில் எடுக்கும்போது போனின் ஓரம் கைப்பிடியில் இடிக்கலாம், நம் விரலே கையின் பாதையில் நிற்கலாம். மோட்டார் எதிலாவது முட்டிக்கொண்டு தள்ளிக்கொண்டிருந்தால் அதுவும் சுமைதான், அதே எச்சரிக்கைதான் வரும். இதைப் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. சமமின்மை என்றால் எந்தக் கோணத்திலும் மெல்லிய ரீங்காரம் இருந்துகொண்டே இருக்கும், மூன்று மோட்டார்களின் உறையையும் தொட்டால் சில நிமிடங்களில் மற்ற இரண்டைவிட ஒன்று மட்டும் சூடாகத் தெரியும். முட்டல் என்றால் ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு வரும்போது மட்டும் திடீரென எச்சரிக்கை வரும், அந்தக் கோணத்தை விட்டதும் போய்விடும்.

ரீங்காரத்தில் இன்னொரு வகையும் உண்டு. பேலன்ஸ் சரி, முட்டலும் இல்லை, ஆனால் போன் நுண்ணியதாக அதிர்கிறது. ஆப்பில் மோட்டார் வலிமை அமைப்பு இருந்தால் அது இந்தப் போனின் எடைக்கு அதிகமாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு படி குறைத்தால் அடங்கும். கிளாம்ப் தளர்வாகப் பிடித்திருந்தாலும் இதே அதிர்வு வரும், அதனால் முதலில் கிளாம்பை அழுத்திப் பாருங்கள். அடிவானம் மட்டும் இரண்டு மூன்று டிகிரி சாய்ந்தபடி நிலையாக நிற்கிறது, எச்சரிக்கையோ சத்தமோ இல்லை என்றால் அது மோட்டார் விவகாரம் இல்லை. உள்ளே இருக்கும் உணர்கருவி குழம்பியிருக்கிறது. ஆப்பில் Calibration என்று இருக்கும் அளவுத்திருத்தத்தை, அது சொல்லும் நிலையில் ஜிம்பலை வைத்து, முடியும்வரை தொடாமல் செய்ய வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து வெயிலுக்கு எடுத்து வந்திருந்தால், கொஞ்ச நேரம் விட்டுவிட்டுச் செய்தால்தான் நிற்கும்.

இனி ஆப்புக்கு வருகிறேன். ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: போனை நேராக வைத்திருக்கும் வேலையை ஜிம்பல் தானே செய்கிறது. அதற்கு ஆப்போ ப்ளூடூத்தோ தேவையில்லை. முகத்தைப் பின்தொடர்வது, கைப்பிடியில் இருந்தே ஜூம் செய்வது, அளவுத்திருத்தம், ஃபர்ம்வேர் புதுப்பிப்பு ஆகியவற்றுக்குத்தான் ஆப். புத்தம் புதிய ஜிம்பலை முதன்முறை செயல்படுத்துவதற்கு மட்டும் சில நிறுவனங்கள் ஆப்பையும் இணையத்தையும் கேட்கின்றன. அதை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். மற்றபடி ஆப் இணையவில்லை என்பதற்காக நடை ஷாட்டை நிறுத்த வேண்டியதே இல்லை. போனின் சொந்தக் கேமராவைத் திறந்து எடுக்கலாம். சொல்லப்போனால் நடை ஷாட்டுக்கு நான் அதையே விரும்புகிறேன், பல ஆப்களைவிட அதில் படத்தின் தரம் நன்றாக வருகிறது.

தம்பிக்குப் பின்தொடரும் வசதி வேண்டியிருந்தது. பின்நோக்கி நடக்கும்போது திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியாது அல்லவா. அதனால் இணைப்பையும் பார்த்தோம். பட்டியலில் ஜிம்பலின் பெயரே வரவில்லை. இந்த நிலைக்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்.

ஒன்று, அனுமதி. ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை, அருகிலுள்ள ப்ளூடூத் கருவிகளைத் தேட ஆப்புக்கு இருப்பிட அனுமதி வேண்டும். 12-இலிருந்து அதற்கென Nearby devices என்று தனி அனுமதி வந்தது. ஐபோனில் iOS 13 முதல் ஒவ்வொரு ஆப்பும் ப்ளூடூத் அனுமதியைத் தனியே கேட்கிறது. முதல் முறை கேட்கும்போது அவசரத்தில் மறுத்துவிட்டால், ஆப் எந்தப் பிழையும் காட்டாமல் தேடிக்கொண்டே இருக்கும். போனின் அமைப்புகளில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய் அனுமதியைக் கொடுக்க வேண்டும். பழைய ஆண்ட்ராய்டில் அனுமதி கொடுத்தும் பெயர் வரவில்லை என்றால், திரையின் மேலிருந்து கீழே இழுக்கும் பட்டியில் இருப்பிடம் ஆனாகவும் இருக்கிறதா பாருங்கள்.

இரண்டாவது காரணம்தான் தம்பிக்கு. ஜிம்பல் ஒரு நேரத்தில் ஒரு போனோடுதான் பேசும். அவருடைய பழைய போன் பையில் இருந்தது, அதில் ப்ளூடூத் ஓடிக்கொண்டிருந்தது. ஜிம்பல் ஆன் ஆனதும் முன்பு பழகிய போனைப் பிடித்துக்கொண்டது. ஒரு போனோடு இணைந்ததும் ஜிம்பல் தன் பெயரை மற்றவற்றுக்கு அறிவிப்பதை நிறுத்திவிடும், அதனால்தான் புதிய போனில் எதுவும் தெரியவில்லை. பழைய போனில் ப்ளூடூத்தை அணைத்து, ஜிம்பலை ஆஃப் செய்து ஆன் செய்ததும் பெயர் வந்துவிட்டது. அதோடு விடாமல் பழைய போனின் ப்ளூடூத் பட்டியலில் அந்தப் பெயரை நீக்கச் சொன்னேன். இல்லாவிட்டால் அடுத்த முறையும் இதேதான்.

பெயர் வருகிறது, தொட்டால் இணைய மறுக்கிறது என்பது வேறு கதை. போனின் ப்ளூடூத் பட்டியலில் பழைய இணைப்பு பாதியில் மாட்டிக்கொண்டிருக்கும். அங்கே நீக்கிவிட்டு, பிறகு ஆப்புக்குள் இருந்தே புதிதாக இணைக்க வேண்டும். அதுவும் சரிவரவில்லை என்றால் ஜிம்பலின் இணைப்பு நினைவையே அழிக்க ஒரு பட்டன் சேர்க்கை இருக்கும். அது மாடலுக்கு மாடல் மாறுவதால் கையேட்டில் பார்த்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. படப்பிடிப்பு நாளில் ஆப் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாதியில் நின்றால் ஜிம்பலே எழாமல் போகலாம். நடுநடுவே இணைப்பு அறுந்தால், போனின் பேட்டரி சேமிப்பு முறை ஆனாக இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் நின்றபடி இல்லாமல் நடந்துதான் சோதிக்க வேண்டும். ஷாட்டில் இருக்கும் அதே வேகத்தில், மைக், கவர் எல்லாம் மாட்டிய நிலையில், ஒரு முழு நிமிடம் நடக்க வேண்டும். அதில் ஒரு திருப்பமும், கேமராவை மேலிருந்து கீழே கொண்டுவரும் ஓர் அசைவும் இருக்கட்டும். முடிந்ததும் மூன்று மோட்டார்களையும் தொட்டுப் பார்த்து, பதிவை ஹெட்போனில் கேட்க வேண்டும். ரீங்காரம் இருந்தால், போனின் மைக்கில் எடுத்த பதிவில் அது கேட்கும். அகலக் கோண லென்ஸில் எடுப்பதென்றால் ஃபிரேமின் ஓரத்தில் ஜிம்பலின் கை எட்டிப் பார்க்கிறதா என்றும் பார்க்க வேண்டும், போனை நகர்த்திய பிறகு இது அடிக்கடி நடக்கும். குலுக்கலைத் தானே குறைக்கப் பார்க்கும் போனின் அதிநிலைப்படுத்தல் முறையை அணைத்துவிடுவது நல்லது. ஜிம்பல் செய்கிற வேலையையே போனும் செய்யப் போய், திருப்பங்களில் படம் இழுத்து விடுவதுபோல் ஆகும்.

அந்தச் சோதனைப் பதிவில் படம் மேலும் கீழுமாகத் துள்ளினால் ஜிம்பலை மறுபடி நோண்ட வேண்டாம். ஜிம்பல் திருத்துவது சாய்வையும் திருப்பத்தையும்தான். உடம்பு ஏறி இறங்குவதை அதனால் திருத்த முடியாது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, குதிகாலை முதலில் ஊன்றி விரல் நுனிவரை உருட்டி நடந்தால் துள்ளல் குறையும். பின்நோக்கி நடக்கும்போது இது தலைகீழ், விரல் நுனி முதலில். தம்பி அப்படித்தான் எடுத்தார், பின்னால் ஒருவர் அவர் தோளில் கைவைத்து வழிநடத்திக்கொண்டு வந்தார். தாழ்வாரத்தின் கடைசிவரை எச்சரிக்கை எதுவும் வரவில்லை.